சூடு குறைந்தால் ஆஸ்பத்திரி வேண்டாமா? கூட்டம் நடத்துவோருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரின் திறந்த மடல்

சுங்கை சிப்புட் வட்டாரத்துக் கோயில் நிர்வாகங்கள், குடியிருப்போர் சங்கங்கள், இளைஞர் மன்றங்கள், மேடையேறும் பேச்சாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

கூட்டங்களில் பேச்சாளருக்குப் பக்கத்தில் வெளிர்நீலச் சட்டை போட்டுக்கொண்டு, கைகளை அசைத்தபடி ஒரு பெண் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நான்தான். எப்போதும் ஒரே சட்டை என்று கேலி செய்கிறவர்களுக்கு ஒரு விளக்கம்: என் நிறத்துக்குக் கறுப்புச் சட்டை போட்டால் கை தெரியாது, பூப்போட்ட சட்டை போட்டால் பார்ப்பவர் கண் வலிக்கும். அதனால்தான் அந்த நீலம்.

இந்த மடல் சட்டையைப் பற்றியது அல்ல, தாளைப் பற்றியது. நீங்கள் கூட்டத்துக்கு முன்னால் எனக்குக் கொடுக்கும் பேச்சுத் தாள், அல்லது கொடுக்காமல் விடும் தாள்.

சில மாதங்களுக்கு முன் நம் வட்டாரத்தில் ஒரு மண்டபத்தில் டிங்கி காய்ச்சல் பற்றிய விளக்கக் கூட்டம் நடந்தது. எந்த மண்டபம், யார் பேசினார் என்பதெல்லாம் வேண்டாம். பேசியவர் ஒரு டாக்டர், நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர், தமிழும் அழகாக வரும். கேட்கவந்த நூறு பேரில் காது கேளாதவர்கள் ஆறு பேர். அவர்களில் ஒருவர் என் தம்பி. கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் இன்னொருவரிடம் வழக்கம்போல் கேட்டேன்: "என்ன புரிந்தது? எனக்குத் திருப்பிச் சொல்லுங்கள்." அவர் சிரித்துக்கொண்டே கையால் சொன்னார்: காய்ச்சல் வரும். சூடு குறையும். ஆஸ்பத்திரி வேண்டாம். வீட்டில் இருக்கலாம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டர் சொன்னது அதற்கு நேர் எதிர். டிங்கியில் காய்ச்சல் தொடங்கி மூன்று முதல் ஏழு நாள்களுக்குள் உடம்புச் சூடு இறங்கும். இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான கட்டம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதும், ரத்தப்போக்கும், ரத்த அழுத்தம் விழுவதும் அப்போதுதான். 'சரியாகிவிட்டது' என்று படுத்துக்கொள்கிறவர்தான் மோசமாகிறார். அன்றைக்கு மேடையில் சொன்னவற்றிலேயே முக்கியமான செய்தி இது ஒன்றுதான். அதுவே தலைகீழாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தவறு யாருடையது? பாதி என்னுடையது, அதை ஒளிக்கமாட்டேன். மீதிப் பாதி அந்த வாக்கியத்துடையது. அந்த வாக்கியம் இதுதான். வீட்டுக்குப் போனதும் நினைவிலிருந்து எழுதிவைத்தேன்:

"காய்ச்சல் கண்டு மூன்று நான்கு நாள்களுக்குப் பிறகு உடல் சூடு தணிந்துவிட்டதாக நினைத்து மருத்துவமனைக்குச் செல்லாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களுக்குத்தான் உயிருக்கே ஆபத்து ஏற்படக்கூடிய நிலை உருவாகும் என்பதால், வாந்தி, வயிற்றுவலி போன்றவை தென்பட்டால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல் உடனடியாகச் சிகிச்சை பெறப்பட வேண்டும்."

காதால் கேட்பவருக்கு இதில் ஒரு குறையும் இல்லை. நாம் பிறந்ததிலிருந்து இப்படித்தான் கேட்டு வளர்ந்திருக்கிறோம். கண்டு, தணிந்து, நினைத்து, செல்லாமல், இருந்து என்று எச்சங்களாக அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு வினையைப் போட்டு மூட்டையைக் கட்டிவிடுவோம். கேட்கிறவர் மூட்டை கட்டும்வரை எல்லாவற்றையும் மனத்தில் பிடித்துவைத்துக்கொள்வார்.

என் நிலைமை வேறு. நான் உங்களுக்கு இரண்டு மூன்று விநாடி பின்னால் வந்துகொண்டிருக்கிறேன். வாக்கியம் எங்கே போகிறது என்று தெரியாமல் கையைத் தூக்க முடியாது. தெரியட்டும் என்று காத்திருந்தால் பின்தங்கிவிடுவேன். அன்று 'சூடு தணிந்து' வரை காத்திருந்தேன், இனிமேல் தாங்காது என்று சைகை காட்டத் தொடங்கினேன். காய்ச்சல். சூடு, குறைவு. ஆஸ்பத்திரி, போகவில்லை. வீடு, இருக்கிறார். 'ஆபத்து' என்ற சொல் என் காதில் விழுந்தபோது கை இன்னும் வீட்டில்தான் இருந்தது. அதைக் காட்டுவதற்குள் பேச்சாளர் வாந்திக்குப் போய்விட்டார். பிறகு ஒரு பழமொழி, கூட்டத்தில் சிரிப்பு. நான் ஆபத்தைக் காட்டினேன்தான், ஆனால் அது வாந்தியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. சூடு குறைந்த நாளோடு ஒட்டவில்லை. 'நினைத்து' என்ற சொல் வழியிலேயே விழுந்துவிட்டது. அது விழுந்ததும், ஒருவர் தவறாக நினைத்தது டாக்டரின் அறிவுரையாக மாறிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பலர் என்னிடம், "நீங்கள் தமிழைக் கையால் சொல்கிறீர்கள், இல்லையா?" என்று கேட்கிறார்கள். இல்லை. நான் காட்டுவது பாஹாசா இஷாராத் மலேசியா, சுருக்கமாக பி.ஐ.எம். 2008-ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம் அதைத்தான் நாட்டில் காது கேளாதோரின் அதிகாரத்துவ மொழியாக ஏற்கிறது. அது தமிழும் அல்ல, மலாயும் அல்ல. தனக்கென்று இலக்கணம் உள்ள தனி மொழி. மலாய்ச் சொல் வரிசையிலேயே கையால் காட்டுகிற கோட் தாஙான் என்ற முறை ஒன்று உண்டு, பள்ளிகளில் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது வேறு, இது வேறு.

பி.ஐ.எம்மில் காலம் முதலில் வரும்: நேற்று, நாளை, மூன்றாம் நாள். அடுத்து எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது வரும். அதற்குப் பிறகுதான் அதைப் பற்றிய செய்தி. யார் யாருக்குச் செய்தார் என்பதை இடத்தை வைத்துக் காட்டுவோம்: வலப்பக்கம் நீங்கள், இடப்பக்கம் சுகாதாரத் துறை ஆள். ஒருமுறை இடம் கொடுத்துவிட்டால் பிறகு பெயர் சொல்ல வேண்டாம், விரலைக் காட்டினால் போதும். கேள்வியும் மறுப்பும் சந்தேகமும் பெரும்பாலும் முகத்தில் இருக்கும். புருவத்தை நான் தூக்குவது அழகுக்காக அல்ல, அங்கே ஒரு 'ஆல்' விகுதி இருக்கிறது என்று பொருள்.

தமிழ்க் குடும்பத்தில் பிறந்த காது கேளாத பிள்ளைகளின் கதையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். என் தம்பி பினாங்கில் 1954-இல் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியில் தங்கிப் படித்தவன். அங்கே படிப்பு மலாயில். தோட்டத்து லயத்தில் அம்மா அவனுக்குத் தமிழில் கடிதம் எழுதச் சொல்லி நான் எழுதியிருக்கிறேன். அவனால் ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. எல்லாக் கடிதங்களையும் மடித்துப் பத்திரமாக வைத்திருந்தான். ஆகவே, "அவர்களுக்குத் தமிழ்த் துண்டறிக்கை கொடுத்துவிட்டோமே" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நம் ஊரில் எனக்குத் தெரிந்த ஆறு பேரில் ஒருவர்கூடத் தமிழ் படிப்பதில்லை.

சரி, தாளுக்கு வருகிறேன். அந்தப் பேச்சாளரிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எப்படிச் சொல்லியிருக்கணும்?" என்று கேட்டார். இருவரும் அந்த ஒரு வாக்கியத்தை அரை மணி நேரம் பிரித்தோம். கடைசியில் வந்தது இது:

1. முதல் மூன்று நாள்: காய்ச்சல். உடம்பு சூடாக இருக்கும்.
2. பிறகு சூடு குறையும்.
3. நோயாளி நினைப்பார்: "எனக்குச் சரியாகிவிட்டது."
4. அது தவறு. சூடு குறையும் அந்த இரண்டு நாள்தான் ஆபத்து.
5. அப்போது மூன்று அடையாளம் பாருங்கள். ஒன்று, வயிறு கடுமையாக வலிக்கும். இரண்டு, வாந்தி நிற்காது. மூன்று, ஈறில் அல்லது மூக்கில் ரத்தம் வரும்.
6. மூன்றில் ஒன்று வந்தாலே போதும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் இருக்காதீர்கள்.

குழந்தைக்குச் சொல்வதுபோல் இருக்கிறதே என்று அவருக்கு முதலில் ஒரு தயக்கம். பிறகு அவரே படித்துப் பார்த்து, "இதை எல்லாருக்குமே இப்படிச் சொல்லலாம் போலிருக்கே" என்றார். சொல்லலாம்தான். ஆனால் என் அக்கறை இப்போது அந்த ஆறு பேர் மீது மட்டும்.

இதில் என்ன செய்தோம் என்று கவனியுங்கள். நடந்த வரிசையிலேயே சொன்னோம். முதல் நாள் முதலில், பிறகு நடப்பது பிறகு. பழைய வாக்கியத்தில் ஆபத்து கடைசியில் வந்து பின்னோக்கிப் பாய்ந்து 'சூடு தணிந்த' நாளைப் பிடிக்க வேண்டியிருந்தது. இங்கே அது தன் நாளுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. மூன்றாம் வரியைப் பிரித்து நிறுத்தியதால், அந்த இடத்தில் நான் என் தோளைக் கொஞ்சம் திருப்பி நோயாளியாகவே மாறி, நிம்மதியாக மூச்சுவிட்டுக் காட்ட முடிகிறது. நான்காம் வரியில் திரும்பி டாக்டராகி, தலையை அசைத்து மறுக்கிறேன். நினைத்தவர் ஒருவர், மறுத்தவர் வேறொருவர் என்பது பார்ப்பவருக்குக் குழப்பமே இல்லாமல் தெரிகிறது. தமிழில் 'என்று நினைத்து' என்ற இரண்டு சொல் செய்கிற வேலையை என் தோள் செய்கிறது. அதற்கு எனக்கு ஒரு முழு வரி இடம் வேண்டும்.

ஐந்தாம் வரியில் 'மூன்று' என்று முதலிலேயே சொல்லிவிடுவது பெரிய உதவி. இடக் கையில் மூன்று விரலை நீட்டிப் பிடித்துக்கொண்டு, வலக் கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லுவேன். பார்ப்பவருக்கு இன்னும் எத்தனை பாக்கி என்று தெரியும். ஆறாம் வரிக்கு வரும்போது அந்த விரல்கள் இன்னும் அங்கேயே இருக்கும். எந்த ஒன்றையும் தொட்டு, 'இது ஒன்று போதும்' என்று காட்டலாம். 'வாந்தி, வயிற்றுவலி போன்றவை' என்று சொன்னால் நான் எத்தனை விரல் நீட்டுவது? 'போன்றவை' என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் எதையும் காட்ட முடியாது. இன்னொன்று: எல்லா அடையாளமும் சேர்ந்து வந்தால்தான் போக வேண்டுமா, ஒன்று வந்தாலே போதுமா என்பது பழைய வாக்கியத்தில் சொல்லப்படவே இல்லை. காது கேட்பவர்களும் ஊகித்துத்தான் போயிருக்கிறார்கள்.

'பெறப்பட வேண்டும்' என்ற வால் ஒன்று இருந்ததே, அதையும் பார்த்துவிடுவோம். மேடைத் தமிழில் 'வேண்டும்' என்பது யாரையும் சுட்டாமல் நிற்கும் வினை. வந்தான், வந்தாள் என்றால் ஆள் தெரியும். 'போக வேண்டும்' என்றால் யார் போக வேண்டும்? தமிழ்க் காது அதை இடம் பார்த்து நிரப்பிக்கொள்ளும். நான் ஒரு பக்கம் விரலை நீட்டியாக வேண்டும். அதே கூட்டத்தில் புகை அடிப்பதைப் பற்றி இப்படி ஒரு வாக்கியம் வந்தது: "புகை அடிக்கும்போது கதவு, சன்னல்கள் திறந்துவைக்கப்பட்டு, உணவுப் பொருள்கள் மூடப்பட்டு, வீட்டைவிட்டு வெளியேற வேண்டும்." யார் திறப்பது? வீட்டுக்காரரா, புகை அடிக்க வருகிறவரா? நான் வீட்டுக்காரர் என்று முடிவுசெய்து காட்டினேன். சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது அதிர்ஷ்டம். தாளில் இப்படி இருந்தால் அதிர்ஷ்டம் தேவையில்லை: "புகை அடிக்கும் நாளில் நீங்கள் சாப்பாட்டை மூடிவையுங்கள். நீங்கள் கதவையும் சன்னலையும் திறந்துவையுங்கள். நீங்கள் வெளியே வாருங்கள். அவர்கள் புகை அடிப்பார்கள். அவர்கள் முடித்து அரை மணி நேரம் கழித்து நீங்கள் உள்ளே போங்கள்." நீங்கள், நீங்கள் என்று திரும்பத் திரும்ப வருவது எழுத்துக்கு அழகில்லை, தெரியும். என் தாளுக்கு அதுதான் அழகு.

'நாம்', 'நாங்கள்' இரண்டையும் தமிழ் பிரித்து வைத்திருப்பது எனக்கு வரப்பிரசாதம். 'நாங்கள்' என்றால் கை மேடையோடு நின்றுவிடும், 'நாம்' என்றால் கூட்டத்தையும் சேர்த்து ஒரு வட்டம் போடும். ஆனால் பேச்சு வழக்கில் எல்லாமே 'நம்ம' ஆகிவிடுகிறது. "நம்ம ஆளுங்க வாரம் ஒருதரம் தொட்டியைப் பார்ப்பாங்க" என்றால் யார் பார்ப்பார்கள்? சுகாதாரத் துறையா, குடியிருப்போர் சங்கமா, வீட்டுக்கு வீடு நாமேவா? அன்று ஒரு அம்மா, "யாரோ வந்து பார்ப்பாங்களாம்" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், அது வேறு விஷயம்.

சொற்களைப் பற்றியும் ஒன்று. 'விட்டது' என்று பேச்சாளர் பல தடவை சொன்னார். காய்ச்சல் விட்டது, மழை விட்டது, பள்ளிக்கூடம் விட்டது. தமிழில் ஒரே சொல், என் கையில் மூன்று வேறு வேலை. தாள் முன்கூட்டியே கிடைத்தால் நான் எதை எப்படிக் காட்டுவது என்று முடிவு செய்துவைப்பேன். கலைச்சொல் வந்தால் பக்கத்திலேயே மலாய்ச் சொல்லையும் எழுதிக் கொடுங்கள். கொசுவின் இளம்புழுவை 'குடம்பி' என்று ஒரு தாளில் பார்த்து நான் தடுமாறினேன். 'ஜெந்திக்-ஜெந்திக்' என்று எழுதியிருந்தால் ஒரு விநாடியில் முடிந்திருக்கும், ஏனென்றால் அந்த ஆறு பேரும் பள்ளியில் கற்ற சொல் அதுதான். 'ரத்தத் தட்டணு' வந்தபோது எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெரியாத சொல்லை விரலால் எழுத்துக்கூட்டிக் காட்டலாம்தான், ஆனால் கூட்டிக் காட்டுவது ரோமன் எழுத்தில். பார்ப்பவருக்கும் அந்தச் சொல் தெரியாவிட்டால் எழுத்துகள் மட்டும்தான் மிஞ்சும். 'ரத்தம் உறைய உதவும் பொருள், டிங்கியில் அது குறையும்' என்று ஒரு வரி இருந்தால், சொல்லே இல்லாமல் பொருளைக் காட்டிவிடுவேன்.

பெயர்களுக்கும் இதே கதைதான். வரவேற்புரையில் வரும் டத்தோக்கள், தலைவர்கள், நன்கொடையாளர்கள் எல்லாருடைய பெயரையும் அடையாளக் கார்டில் உள்ள ரோமன் எழுத்துக்கூட்டலோடு கொடுங்கள். ஒரே பெயரை நாம் நான்கு விதமாக எழுதுகிறோம். இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், வரவேற்பைக் குறையுங்கள். பதினைந்து நிமிடம் பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு டிங்கி தொடங்குமுன் கண் களைத்துவிடுகிறது. காது கேட்பவர்கள் அந்த நேரத்தில் போனைப் பார்க்கலாம். காது கேளாதவர்கள் கண்ணை எடுத்தால் எல்லாமே நின்றுவிடும்.

பழமொழியை நான் தடை செய்யவில்லை. "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று அவர் சொன்னபோது நான் யானையையும் சறுக்கலையும் காட்டிவிட்டேன், என் தம்பி இன்னமும் என்னை அதற்காகக் கிண்டல் செய்கிறான். டிங்கிக் கூட்டத்தில் யானை எங்கிருந்து வந்தது என்று அவனுக்குப் புரியவில்லை. தாளில் பழமொழிக்குக் கீழே 'பலசாலியையும் இந்தக் காய்ச்சல் விழவைக்கும்' என்று பொருளை எழுதிவிடுங்கள். யானையை நீங்கள் வாயால் ஓட்டிக்கொண்டு போங்கள், நான் பொருளோடு வருகிறேன்.

தமிழ் தெரியாத மொழிபெயர்ப்பாளர் வந்தால் என்ன செய்வது? அடிக்கடி அப்படித்தான் நடக்கும், ஏனென்றால் தமிழும் பி.ஐ.எம்மும் இரண்டும் தெரிந்தவர்களைத் தேடிப்பிடிப்பது கடினம். ஒரு பெரிய கூட்டத்துக்கு ஈப்போவிலிருந்து ஒரு மலாய்க்காரச் சகோதரி வந்தார், கைகாரர். ஏற்பாட்டாளர்கள் பேச்சை வரிக்கு வரி உயர்ந்த மலாயில் மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார்கள். மேடையில் தமிழ் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தாளில் எந்த இடம் என்று தெரியாமல் பேச்சாளரின் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பேச்சாளர் நடுவில் இரண்டு பத்தியை விட்டுத் தாவிவிட்டார், அவருக்கு எப்படித் தெரியும்? அப்போது நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். எழுந்து போய் அந்தச் சகோதரியின் எதிரே நின்று எந்தப் பத்தி என்று விரலால் காட்டி நடத்திவைத்தேன். அதற்கு வழி எளிது. மேலே நான் காட்டியதுபோல் பத்திகளுக்கு எண் போடுங்கள். பொருளை எளிய மலாயில் எழுதுங்கள், சொல்லுக்குச் சொல் வேண்டாம். தமிழ் தெரிந்த ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்து எந்த எண் என்று விரலால் காட்டட்டும். பேச்சாளர் எண்ணை விட்டுத் தாவக்கூடாது. தாவியே ஆக வேண்டும் என்றால் எண்ணைச் சொல்லிவிட்டுத் தாவட்டும்.

தாளைக் கையில் கொடுப்பதைப் பற்றி ஒரு வேடிக்கை. சில இடங்களில் மேடை ஏறும்போது, "இந்தாங்க ஸ்கிரிப்ட்" என்று நீட்டுகிறார்கள். என் இரண்டு கையும் வேலையில் இருக்கும். தாளைப் பிடிக்க மூன்றாவது கை எனக்கு இல்லை. நான் அதை வீட்டில் படித்து, கண்ணாடி முன் நின்று காட்டிப் பார்த்து, இடம் எதை எங்கே வைப்பது என்று முடிவுசெய்துவிட்டு வர வேண்டும். அதனால் மூன்று நாள் முன்னால் வேண்டும். மேடையில் எனக்குத் தேவைப்படுவது எண்களும் பெயர்களும் மட்டும் கொட்டை எழுத்தில் உள்ள ஒரு பக்கம், அதையும் கண் மட்டத்தில் ஒரு நோட்டு ஸ்டாண்டில் வைத்தால் போதும்.

தாளால் தீராத குறைகளும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். தாளைப் பார்த்துப் படிக்கிறவர், இயல்பாகப் பேசுகிறவரைவிட வேகமாகப் போய்விடுவார். அதற்கு நாங்கள் கண்ட வைத்தியம்: ஒவ்வொரு எண்ணின் முடிவிலும் ஒரு சிவப்புக் கோடு. கோட்டைக் கண்டதும் பேச்சாளர் ஒரு முழு மூச்சு விட வேண்டும். படம் காட்டினால் இரண்டு மூச்சு. படத்தையும் என் கையையும் ஒரே நேரத்தில் பார்க்க யாராலும் முடியாது. படத்துக்காக விளக்கை அணைத்தால் நானே காணாமல் போய்விடுகிறேன், என் மேல் ஒரு விளக்கையாவது விட்டுவையுங்கள். கேள்வி நேரத்துக்கு எந்தத் தாளும் இல்லை. அங்கே ஒருவர் பேசி முடித்த பிறகு அடுத்தவர் பேச நெறியாளர் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பேச்சு ஒரு மணி நேரம் தாண்டினால் இரண்டு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாங்கள் மாறிக்கொள்வோம். இருபது நிமிடத்துக்குப் பிறகு கை வலிப்பதைவிட மூளை மங்குவதுதான் பெரிய தொல்லை. தவறு செய்துகொண்டிருப்பது தவறு செய்கிறவருக்கே தெரியாது.

தாள் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் படித்துப் பார்த்துத் தலையாட்டினால் போதாது, காது கேட்பவர்கள் எல்லாருமே நல்லபடியாகத்தான் தலையாட்டுவோம். கூட்டத்துக்கு முந்தின நாள் பத்து நிமிடம், காது கேளாத ஒருவர் முன்னால் நான் காட்டுவேன். அவர் எனக்குத் திருப்பிச் சொல்லுவார். "புரிந்ததா?" என்று கேட்கக்கூடாது. கேட்டால் எல்லாரும் 'ஆமாம்' என்று கட்டைவிரலைத் தூக்குவார்கள், வீட்டு விருந்தில் சாப்பாடு நன்றாயிருக்கிறதா என்று கேட்பதைப்போல. திருப்பிச் சொல்லும்போது எந்த இடத்தில் தலைகீழாகிறதோ அந்த வரியை மாற்ற வேண்டும்.

அந்த டாக்டரின் இரண்டாவது கூட்டத்துக்கு இப்படித்தான் செய்தோம். முந்தின நாள் தம்பி எங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்தான். ஐந்தாம் எண்வரை சரியாகத் திருப்பிச் சொன்னான். ஆறாம் எண்ணில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டான்: சூடு குறைந்தபோது வயிற்றுவலியும் இல்லை, வாந்தியும் இல்லை, ரத்தமும் இல்லை என்றால், வீட்டில் இருக்கலாமா? டாக்டருக்கு போன் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தக் கேள்வி ஏன் எந்தக் கூட்டத்திலும் வரவில்லை என்று வியந்தார். பிறகு ஏழாவது எண் ஒன்று சேர்த்தோம்: "அடையாளம் ஒன்றும் இல்லை. அப்போதும் கிளினிக்கில் ரத்தம் பார்க்கச் சொன்ன நாளில் போங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். காய்ச்சலுக்குப் பாராசித்தமோல் மட்டும் சாப்பிடுங்கள். ஆஸ்பிரின் வேண்டாம். இபுபுரோஃபென் வேண்டாம்." ரத்தப்போக்கை அதிகமாக்கும் மருந்துகள் அவை.

கூட்டம் முடிந்து அந்தச் செம்பனைத் தோட்டக்காரரிடம் மறுபடியும் கேட்டேன். இடக் கையில் மூன்று விரலை நீட்டினார். நடு விரலைத் தொட்டு, வாந்தியைக் காட்டி, 'ஒன்று போதும்' என்றார். பிறகு மோட்டார் சைக்கிள் ஓட்டிக் காட்டினார். தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு எந்தப் பாதை சீக்கிரம் என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி, அதற்கு என்னிடம் தாள் இல்லை.

இனிக் கூட்டம் வைக்கப்போகிறவர்களுக்கு: பேச்சை மூன்று நாளுக்கு முன் அனுப்புங்கள், கைப்பட எழுதினாலும் சரி. எச்சங்களை நீங்களே பிரிக்க வராவிட்டால் பிரிக்காமலே அனுப்புங்கள். பேச்சாளரோடு உட்கார்ந்து நானே பிரித்துக்கொள்கிறேன், ஆனால் அவர் அரை மணி நேரம் எனக்காக ஒதுக்க வேண்டும். முந்தின நாள் ஒத்திகைக்குத் தம்பி வருவான். அவனுக்கு ஒரு தேநீர், சீனி தூக்கலாக.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்துச் சைகை மொழிபெயர்ப்பாளர்
சுங்கை சிப்புட், பேராக்